ஒரே ஆர்டருக்கு இரண்டு முறை பணம் போகாமல் இருக்க

இணையக் கடை ஒன்றில் ஒருவர் 40 டாலருக்குப் பொருள் வாங்குகிறார். கடையின் சர்வர், அவருடைய கார்டிலிருந்து பணம் எடுக்கும்படி ஸ்ட்ரைப் நிறுவனத்துக்குக் கோரிக்கை அனுப்புகிறது. பணம் எடுக்கப்பட்டுவிட்டது. ஆனால் 'பணம் வந்தது' என்று டேட்டாபேஸில் எழுதுவதற்குள் சர்வர் நின்றுவிடுகிறது.

மீண்டும் எழுந்த சர்வருக்கு அந்த ஆர்டர் பணம் கட்டாததாகவே தெரியும். மறுபடி கேட்டால் 80 டாலர் போய்விடும். கேட்காமல் விட்டால், முதல் கோரிக்கை போய்ச் சேராதிருந்த பட்சத்தில் கடைக்கு நஷ்டம்.

இதற்காகவே ஒவ்வொரு கோரிக்கையோடும் ஓர் அடையாளக் குறி சேர்க்கப்படுகிறது:

```
Idempotency-Key: order-4817-pay
```

அதே குறி மீண்டும் வந்தால் ஸ்ட்ரைப் புதிதாகப் பணம் எடுக்காது. முதல் முறை தந்த பதிலையே திருப்பித் தரும். குறி அதேதான், தொகை மட்டும் வேறு என்றால் பிழை என்று சொல்லிவிடும்.

குறியை எப்போது உருவாக்குகிறோம் என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். கோரிக்கையை அனுப்பும் முன்பே அதை டேட்டாபேஸில் எழுதி வைத்துவிட வேண்டும். அனுப்பும் நொடியில் புதிதாக உருவாக்கினால், சர்வர் எழுந்ததும் வேறொரு குறி பிறக்கும். ஸ்ட்ரைப்புக்கு அது புதிய கோரிக்கை. ஒரே ஆர்டர் எண்ணுக்கு இரண்டு குறிகள் பதிவாகியிருந்தால், தவறு இங்கேதான்.

இன்னொரு வரம்பும் உண்டு. ஸ்ட்ரைப்பின் முதல் பதிப்பு ஏபிஐயில், 24 மணி நேரம் கடந்த குறிகள் நீக்கப்படலாம். அதற்குப் பிறகு மறுபடி அனுப்புவதானால், முதல் கோரிக்கை என்ன ஆனது என்று விசாரித்துவிட்டே அனுப்ப வேண்டும்.