சாவி யாரிடம் இருக்கிறது?

சென்னையில் வாடகைக்கு வீடு பிடித்தவர்களுக்கு அந்தப் படிவம் நன்றாகத் தெரியும். பெயர், சொந்த ஊர் முகவரி, வேலை பார்க்கும் இடம், ஆதார் நகல், ஒரு புகைப்படம். 2012 பிப்ரவரியில், வேளச்சேரியில் ஒரு வாடகை வீட்டில் தங்கியிருந்த ஐந்து பேர் வங்கிக் கொள்ளையர்கள் என்று சொல்லிப் போலீஸாரால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதன் பிறகு, குடிவைப்பவர்களின் விவரங்களைக் காவல் நிலையத்தில் கொடுக்க வேண்டும் என்று வீட்டு உரிமையாளர்களுக்கு மாநகரக் காவல்துறை உத்தரவிட்டது. தனியாக வருகிறவர்களிடம் விவரம் கேட்கும் வழக்கம் நகரத்தில் இறுகியது அந்தச் சந்தேகத்தின் பின்னணியில்தான்.

அந்தப் படிவம் எத்தனையோ கேட்கிறது. ஆனால், நள்ளிரவில் குடியிருப்பவர் குளியலறையில் வழுக்கி விழுந்தால் யாரைக் கூப்பிடுவது, கதவை யார் திறப்பது என்ற இரண்டு கேள்விகள் மட்டும் அதில் இருக்காது. பல அடுக்ககச் சங்கங்கள் இப்போது அவற்றைச் சேர்க்கப் பார்க்கின்றன. கேட்கிற விதம் மட்டும் மாறவில்லை. பழைய படிவத்தின் அடியில் இரண்டு கோடு போட்டு, ‘நிரப்பித் தரவும்’ என்று வாட்ச்மேன் கையில் கொடுத்தனுப்புகிறார்கள். தனியாக இருக்கும் பெண்ணுக்கு அது எப்படிப் படும் என்று யாரும் யோசிப்பதில்லை. நான் தனியாக இருக்கிறேன், என் வீட்டுச் சாவி இன்னாரிடம் இருக்கிறது என்று கேட் வரைக்கும் எழுதிக் கொடுக்கச் சொல்வதுதானே அது? பாதிப் பேர் ஏதோ ஒரு நம்பரை எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

ஏதோ ஒரு நம்பர் இருந்தால் போதாது. கீழே விழுந்து எழுந்திருக்க முடியாமல் கிடப்பவருக்கு, எலும்பு முறிவை விடவும் கிடந்த நேரம் பெரிய கெடுதலைச் செய்யலாம். பல மணி நேரம் ஒரே பக்கமாகக் கட்டாந்தரையில் அழுந்திக் கிடந்தால் தசை சிதைகிறது. அந்தச் சிதைவிலிருந்து ரத்தத்தில் கலக்கும் பொருள்கள் சிறுநீரகத்தைப் பாதிக்கின்றன. மே மாத வெயிலில் உடம்பில் நீர் வற்றுவதும் சேர்ந்துகொள்ளும். ஆகவே கேட்க வேண்டிய விவரம், அரை மணி நேரத்துக்குள் கதவு வரைக்கும் வரக்கூடிய ஆள் யார் என்பது.

பெரும்பாலான படிவங்கள் இங்கேதான் சறுக்குகின்றன. ‘அவசரத் தொடர்பு’ என்று ஒரே கட்டம் போட்டு, இரண்டு வேறு ஆட்களை அதற்குள் அடைத்துவிடுகின்றன. ஒருவர், சேதி தெரிய வேண்டியவர், முடிவெடுக்கக் கூடியவர். அவர் நியூ ஜெர்சியில் இருக்கும் மகனாகவோ, திருநெல்வேலியில் இருக்கும் தங்கையாகவோ இருக்கலாம். மற்றவர், சாவி வைத்திருப்பவர். அவர் உறவாக இருக்க வேண்டியதில்லை, பக்கத்தில் இருந்தால் போதும். மகன் நம்பர் ஒன்றை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டால், அவர் அமெரிக்காவிலிருந்து ‘கதவை உடைத்துவிடுங்கள்’ என்று பதறுவதைக் கேட்டுக்கொண்டு நிற்பதைத் தவிர வேறு வழி இருக்காது.

ஒரு கற்பனை அடுக்ககத்தை எடுத்துக்கொண்டு இதை நடத்திப் பார்க்கலாம். இருபத்து நான்கு வீடுகள். தனியாகக் குடியிருப்பவர்கள் நான்கு பேர். அவர்களில் ஒருவர், இரண்டாம் மாடியில் இருக்கும் எழுபது வயது ஓய்வுபெற்ற ஆசிரியை. செயலாளர் நல்ல மனிதர். முதல் காரியமாக, தனியாக இருப்பவர்களை மட்டும் பொறுக்கிக் கேட்பதை விட்டுவிடுகிறார். இருபத்து நான்கு வீட்டுக்கும் ஒரே தாள் போகிறது, சொந்த வீட்டுக்காரர், வாடகைக்காரர் என்ற பேதம் இல்லாமல். தாளின் தலைப்பிலேயே எதற்காக, யார் பார்ப்பார்கள், எப்போது கிழித்துப் போடுவார்கள் என்று மூன்று வரி. கடைசியில், ‘விருப்பமில்லை என்றால் வெறுமையாக விடலாம்’ என்று ஒரு வரி. போலீஸ் படிவத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பது தெரிய, இரண்டையும் ஒரே நாளில் கொடுப்பதுமில்லை.

ஆசிரியையின் தாள் வெறுமையாகவே வருகிறது. செயலாளர் ஒரு மாலை, முன்கூட்டியே போன் செய்துவிட்டு, மனைவியோடு போகிறார்.

“டீச்சர், தாளைப் பத்திப் பேசலாம்னு வந்தோம். எழுதித்தான் ஆகணும்னு இல்லை.”

“எழுதறதுக்கு என்ன சார். பையன் நம்பரைப் போட்டா, மழை வந்தாக்கூட அவனுக்குப் போன் போட்டு பயமுறுத்துவீங்க. அப்புறம் அவன் என்னை அங்க வந்து இருன்னுவான்.”

அவர் தயங்கியதற்குக் காரணம் இவ்வளவுதான். செயலாளர் அந்த இடத்திலேயே தாளில் ஒரு வரி சேர்க்கிறார்: எந்த நிலையில் யாரைக் கூப்பிடலாம். ஆசிரியை சொல்லச் சொல்ல எழுதுகிறார். காலையில் ஒன்பது மணி வரை பால் பாக்கெட் எடுக்கப்படாமல் கிடந்தால் முதலில் கதவைத் தட்ட வேண்டும், பிறகு அவருடைய போனுக்கு அடிக்க வேண்டும். இரண்டுக்கும் பதில் இல்லையென்றால் இரண்டு தெரு தள்ளி இருக்கும் பழைய சக ஆசிரியை சாவியோடு வருவார். ஆஸ்பத்திரிக்குப் போகும்படி ஆனால் மட்டும் மகனுக்குச் சொல்லலாம். இவ்வளவையும் எழுதிய பிறகு ஆசிரியை இன்னொன்றும் சொல்கிறார்: ஊரில் இருக்கும் மைத்துனருக்கு எந்தக் காரணத்துக்காகவும் சொல்லக் கூடாது.

‘யாருக்குச் சொல்லக் கூடாது’ என்பது எந்தப் படிவத்திலும் இல்லாத கேள்வி. தனியாக இருப்பவர்களில் சிலர், வீட்டை எதிர்த்துத் திருமணம் செய்து பிரிந்தவர்களாக இருப்பார்கள். சிலர் அடிக்கும் கணவரிடமிருந்து வெளியே வந்தவர்கள். பெற்ற வீடு கைவிட்ட திருநங்கைகளும் உண்டு. இவர்களிடம் ‘தந்தை / கணவர் பெயர்’ என்ற கட்டத்தை நீட்டுவது அவமானம் மட்டுமல்ல, ஆபத்தும்கூட. உறவுமுறை கேட்கும் கட்டத்தையே எடுத்துவிடலாம். வருகிறவர் தோழியா, அலுவலக நண்பரா, சித்தப்பாவா என்பது கதவு திறப்பதற்குத் தேவைப்படாத தகவல்.

சாவி விஷயத்தில் இன்னும் நுணுக்கம் உண்டு. ஹவுஸ் ஓனரிடம் ஒரு டூப்ளிகேட் சாவி எப்படியும் இருக்கும் என்பது பலருடைய நினைப்பு. சில சமயம் இருக்காது. குடிவந்ததும் பூட்டை மாற்றியிருப்பார்கள், மாற்றுவது நியாயமும்கூட. இருந்தாலும், சாவி இருப்பதால் நுழையும் உரிமை வந்துவிடாது. தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டப்படி, உரிமையாளர் வீட்டுக்குள் போக வேண்டுமென்றால் குறைந்தது 24 மணி நேரம் முன்னதாகக் குடியிருப்பவருக்குத் தெரிவிக்க வேண்டும். சாவியை அசோசியேஷன் அலுவலகத்தில் வைப்பதென்று குடியிருப்பவரே விரும்பினால், உறையில் போட்டு ஒட்டி, ஒட்டிய இடத்தின் குறுக்கே அவரே கையெழுத்திடுவது நல்ல முறை. உறை பிரிக்கப்பட்டிருந்தால் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். உறையின் மேல் வீட்டு எண்ணை எழுதாமல், ஒரு குறியீட்டை மட்டும் எழுதி, எது எந்த வீடு என்ற பட்டியலை வேறு இடத்தில் வைக்கலாம். வீட்டு எண்ணும் சாவியும் ஒரே ஆணியில் தொங்கும் வாட்ச்மேன் அறைகள் நகரத்தில் ஏராளம்.

இதையெல்லாம் செய்து முடித்த பிறகும் சாவி உதவாமல் போகலாம். காரணம், நம் ஊர் வழக்கம்தான். இரவானால் உள்தாழ்ப்பாள் போடுவோம். மேலே ஒன்று, கீழே ஒன்று, நடுவில் சங்கிலி. சில வீடுகளில் வெளியே கிரில் கேட்டுக்கு உள்பக்கமாகப் பூட்டும் உண்டு. வெளியிலிருந்து சாவி போட்டால் பூட்டு திறக்கும், கதவு திறக்காது. சாவி கொடுக்கும் நாளன்றே, உள்ளே ஒருவர் வழக்கம்போல் தாழிட்டுக்கொள்ள, வெளியே இருப்பவர் திறந்து பார்ப்பதுதான் ஒரே சோதனை. ஆசிரியை வீட்டில் அப்படிப் பார்த்தபோது மேல் தாழ்ப்பாள் மாட்டிக்கொண்டது. தாழ்ப்பாள் இல்லாமல் தூக்கம் வராது என்கிறார் அவர். பயத்தை விடச் சொல்வது மரியாதையாகாது. வெளியிலிருந்து சாவியால் திறக்கக்கூடிய, உள்ளே திருகினால் பூட்டிக்கொள்ளும் பூட்டு ஒன்றைப் பொருத்திக்கொண்டு தாழ்ப்பாளை விடுகிறார். குளியலறைத் தாழ்ப்பாளை, வெளியிலிருந்து நாணயத்தால் திருப்பித் திறக்கக்கூடியதாக மாற்றுகிறார்கள். சாவியும் இல்லை, கதவும் திறக்கவில்லை என்ற நிலையில் 112-ஐ அழைத்துத் தீயணைப்பு மற்றும் மீட்புத் துறையைக் கேட்பதே சரி. ஆம்புலன்ஸுக்கு 108.

சேகரித்த தாள்கள் எங்கே போகின்றன என்பதில்தான் நம்பிக்கை நிற்கும் அல்லது விழும். மிக எளிதாக நடக்கும் தவறு, எல்லாவற்றையும் போட்டோ எடுத்துக் கமிட்டி வாட்ஸப் குழுவில் போடுவது. அடுத்த வருடம் கமிட்டி மாறும், பழைய உறுப்பினர்களின் போனில் எல்லாம் அப்படியே கிடக்கும். 2023-இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், டிஜிட்டல் வடிவில் இருக்கும் விவரங்களை என்ன நோக்கத்துக்கென்று சொல்லிச் சம்மதம் பெற வேண்டும், நோக்கம் முடிந்தால் நீக்க வேண்டும் என்கிறது. கையால் எழுதிய நோட்டுக்கு அது பொருந்தாது. அந்த நோட்டைப் படமெடுத்து ஏற்றினால் பொருந்தும். சட்டத்தை விடுங்கள், காகிதத்துக்கு இன்னொரு நன்மையும் உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையின் பல பகுதிகளில் மின்சாரமும் செல்போன் தொடர்பும் சேர்ந்தே போயின. அப்போது யார் வீட்டில் யார் மாட்டியிருக்கிறார்கள் என்பது போனுக்குள் மட்டும் இருந்திருந்தால் பயனில்லை. பக்கத்துத் தெருவிலிருந்து நடந்து வரக்கூடிய ஆளின் முகவரி எழுதிய காகிதம் பயன்படும்.

பட்டியலில் பெயர் இருக்கும் மூன்றாம் மனிதரையும் மறந்துவிடக் கூடாது. தன் பெயர் கொடுக்கப்பட்டிருக்கிறது என்றே தெரியாதவர்கள் நிறையப் பேர். தெரியாத நம்பரிலிருந்து விடியற்காலை மூன்று மணிக்கு அழைப்பு வந்தால் எடுக்க மாட்டார்கள். எனவே குடியிருப்பவரே முதலில் அவரிடம் பேசி ஒப்புதல் வாங்குகிறார். பிறகு, செயலாளர் பகலில் ஒருமுறை சோதனையாக அழைக்கிறார்; அந்த நம்பரை ‘அடுக்ககம் அவசரம்’ என்று பதிந்துகொள்ளச் சொல்கிறார். ஆசிரியையின் தோழி பதிந்துகொண்டதோடு, தான் மாதம் ஒருமுறை கண் சிகிச்சைக்கு மதுரை போவதையும் சொல்கிறார். அந்த நாட்களுக்கு இரண்டாவது சாவி கீழ்வீட்டு இளைஞரிடம் போகிறது.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை, மெயின்டனன்ஸ் ரசீது கொடுக்கும்போது, ‘ஏதாவது மாறியிருக்கிறதா’ என்று ஒரு கேள்வி. பழைய தாளைக் காட்டி அதிலேயே திருத்தச் சொன்னால் போதும். மறுபடி முதலிலிருந்து நிரப்பச் சொன்னால் யாருக்கும் அலுப்புத்தான் வரும். வீடு காலி செய்யும் நாளில் அட்வான்ஸ் கணக்குப் பார்க்கும்போதே அந்தத் தாளையும் உறையையும் குடியிருந்தவர் கையில் திருப்பிக் கொடுத்து, நோட்டில் அவர் பெயருக்கு எதிரே தேதியும் கையெழுத்தும் வாங்கிக்கொள்கிறார் செயலாளர்.