ஹஜ்ரத் அனுப்பினார்கள்; எழுதியது யார்?



சென்ற கல்வியாண்டின் தொடக்கத்தில் ஒரு நாள் காலை, நம் அறக்கட்டளை அலுவலகத்தைத் திறக்கும்போதே ஒரு தாயும் மகளும் வாசலில் காத்திருந்தார்கள். திருவையாறு பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்திருந்தார்கள். மதிப்பெண் பட்டியல், வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஜமாஅத் கடிதம் என எல்லாவற்றுக்கும் ஜெராக்ஸ் எடுத்துப் பையில் வைத்திருந்தார்கள். கல்லூரி உதவித்தொகைக்கு 15ஆம் தேதி கடைசி நாள் என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்ததாம். அன்று 14ஆம் தேதி.

செய்தி நம்முடையதுதான். ஆனால் அது அதற்கு முந்தைய ஆண்டு அனுப்பியது. அந்த ஆண்டுக்கான விண்ணப்பங்களை நாம் ஒரு மாதத்துக்கு முன்பே வாங்கி, தொகையையும் பிரித்து முடித்திருந்தோம்.

இதைச் சொன்னபோது அந்தத் தாய்க்கு நம்பிக்கை வரவில்லை. “நம்ம பள்ளிவாசல் ஹஜ்ரத்தே அனுப்பியிருக்காங்க பாருங்க. அவங்க எழுதினா தப்பா இருக்குமா?” என்று போனைக் காட்டினார்கள். பார்த்தேன். ஹஜ்ரத்தின் பெயர், முந்தைய நாள் இரவின் நேரம், கீழே செய்தி. வேறு எந்த அடையாளமும் இல்லை. யார் பார்த்தாலும் ஹஜ்ரத் தாமே உட்கார்ந்து எழுதியது என்றுதான் நினைப்பார்கள்.

ஹஜ்ரத்துக்குப் போன் செய்தேன். அவர்கள் மிகவும் வருந்தினார்கள். “எனக்கு மலேசியாவிலிருந்து ஒருத்தர் அனுப்பினார். நாலு குரூப்புக்குச் சேர்த்து அனுப்பப் பார்த்தேன், ஒன்றுக்கு மேல் போகலை. அதனால காப்பி எடுத்துப் போட்டேன்” என்றார்கள்.

அந்த ஒரு வாக்கியத்தில் முழு விஷயமும் இருக்கிறது. வந்த செய்தியை இன்னொருவருக்குக் கொடுக்க வாட்ஸ்அப்பில் இரண்டு வழிகள் உண்டு. அம்புக்குறியைத் தொட்டு ஃபார்வர்டு செய்யலாம். அல்லது எழுத்தை அழுத்திப் பிடித்து, காப்பி எடுத்து, வேறிடத்தில் பேஸ்ட் செய்து அனுப்பலாம். அனுப்புகிறவருக்கு இரண்டும் ஒன்றுதான். பெறுகிறவருக்கு அப்படி இல்லை.

ஃபார்வர்டு செய்த செய்திக்கு மேலே சிறிய அம்புக்குறியும் Forwarded என்ற சொல்லும் வருவதைப் பார்த்திருப்பீர்கள். முன்பு அது கிடையாது. 2018 மே மாதம் வட தமிழ்நாட்டில், பிள்ளை பிடிக்கும் கும்பல் வந்திருக்கிறது என்று வாட்ஸ்அப் செய்திகள் வீடு வீடாகப் பரவின. திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே அத்திமூரில், குலதெய்வக் கோயிலுக்குப் போக வந்த சென்னைக் குடும்பத்தின் வயதான பெண் ஒருவர் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். அவரைப் பிள்ளை பிடிப்பவர் என்று எண்ணிய கூட்டம் அடித்தே கொன்றுவிட்டது. வேறு மாநிலங்களிலும் இப்படிப் பல உயிர்கள் போயின. அரசு எச்சரித்த பிறகு, 2018 ஜூலையில் இந்த Forwarded அடையாளத்தை வாட்ஸ்அப் கொண்டுவந்தது. அதுவரை எங்கோ யாரோ எழுதியதும், நம் மச்சான் எழுதியதும் திரையில் ஒரே மாதிரிதான் தெரிந்தன.

இந்த அடையாளம் சொல்வது ஒரே ஒரு விஷயம்: இதை அனுப்பியவர் எழுதவில்லை. யார் எழுதினார், எந்த ஊரில், என்றைக்கு என்பதை அது சொல்லாது. செய்தியின் ஓரத்தில் தெரியும் நேரம்கூட உங்களுக்கு அனுப்பப்பட்ட நேரமே தவிர எழுதப்பட்ட நேரம் அல்ல. எங்கே தட்டித் தேடினாலும் முதலில் எழுதியவரின் பெயரோ எண்ணோ கிடைக்காது.

ஒற்றை அம்புக்குப் பதில் இரட்டை அம்பும் Forwarded many times என்ற சொற்களும் இருந்தால், அந்தச் செய்தி எழுதியவரிடமிருந்து குறைந்தது ஐந்து கை மாறி வந்திருக்கிறது என்று பொருள். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஐந்து என்பது எத்தனை பேருக்குப் போனது என்ற கணக்கு அல்ல. எத்தனை கை மாறியது என்ற கணக்கு. நான் எழுதிய ஒரு செய்தியை நானே இருபது குரூப்பில் அனுப்பினால் ஆயிரக்கணக்கானோர் படிப்பார்கள், ஆனால் அம்பே வராது.

நம் செய்தியையே எடுத்துக்கொள்வோம். அது போயிருக்கக்கூடிய வழி இது. அலுவலகத்தில் எழுதினோம், அப்போது கணக்கு பூஜ்யம். ராஜகிரிச் சகோதரர் ஒருவர் அதைத் துபாயில் இருக்கும் தம்பிக்கு ஃபார்வர்டு செய்தால் ஒன்று. தம்பி தன் அறைத் தோழருக்கு அனுப்பினால் இரண்டு. அவர் பண்டாரவாடைக்கு அனுப்பினால் மூன்று. அங்கிருந்து சிங்கப்பூர், நான்கு. சிங்கப்பூரிலிருந்து மலேசியா, ஐந்து. இப்போது இரட்டை அம்பு விழுந்துவிட்டது. அதன்பின் அந்தச் செய்தியை ஒரு நேரத்தில் ஒரே ஒருவருக்கு அல்லது ஒரே ஒரு குரூப்புக்குத்தான் ஃபார்வர்டு செய்ய முடியும். 2020 ஏப்ரலில் வைத்த கட்டுப்பாடு இது. அம்பே இல்லாத செய்திகளை ஒரே நேரத்தில் ஐந்து இடங்களுக்கு வரை அனுப்பலாம்.

ஹஜ்ரத்துக்கு ‘ஒன்றுக்கு மேல் போகலை’ என்று நின்றது இதனால்தான். அது போன் கோளாறு அல்ல, “பல கை மாறி வந்த செய்தி, நிதானித்து அனுப்பு” என்ற எச்சரிக்கை. ஆனால் காப்பி எடுத்துப் போட்ட அந்த நொடியில் அம்பும் போயிற்று, கணக்கும் பூஜ்யத்துக்குத் திரும்பிற்று. வாட்ஸ்அப்பைப் பொறுத்தவரை அது ஹஜ்ரத் புதிதாக எழுதிய செய்தி. ஒரு படத்தையோ வீடியோவையோ கேலரியில் சேமித்து, அங்கிருந்து எடுத்து அனுப்பினாலும் இதேதான் நடக்கும்.

ஆகவே அம்பு இருந்தால் அனுப்பியவர் எழுதவில்லை என்று உறுதியாகச் சொல்லலாம். அம்பு இல்லை என்பதை வைத்து, அவர்தான் எழுதினார் என்று சொல்ல முடியாது. நாம் ஏமாறுவது பெரும்பாலும் இந்த இரண்டாவது இடத்தில்தான்.

காப்பி எடுத்த செய்தியைக் கண்டுபிடிக்கச் சில தடயங்கள் உண்டு. அனுப்பியவர் பேசும் விதத்துக்கும் எழுத்துக்கும் பொருந்தாது. அறக்கட்டளையில் இல்லாத ஒருவரின் செய்தியில் ‘எங்கள் அறக்கட்டளை’ என்று இருக்கும். ‘இன்று’, ‘நாளை’, ‘வரும் வெள்ளி’ என்று இருக்கும், தேதி இருக்காது. பல செய்திகளைச் சேர்த்துக் காப்பி எடுத்திருந்தால், ஒவ்வொன்றின் முன்னும் சதுர அடைப்புக்குள் தேதியும் நேரமும், அதை அடுத்து ஒரு பெயரும் ஒட்டிக்கொண்டு வரும். அந்தப் பெயர் காப்பி எடுத்தவரின் போனில் பதிந்திருக்கும் பெயர். ஆனால் அதுவும் வெறும் எழுத்துதான். அனுப்புமுன் யாரும் மாற்றிவிடலாம். இவை சந்தேகத்தைத் தருமே தவிர, தொடக்கத்தைக் காட்டாது.

எழுதியவரின் பெயரைச் செய்தியோடு கட்டிவிட்டால் என்ன என்று கேட்கலாம். சென்னை உயர்நீதிமன்றத்திலேயே இந்தக் கேள்வி வந்தது. 2018இல் தொடுக்கப்பட்ட ஒரு வழக்கில், 2019இல் சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் வி. காமகோடி ஒரு யோசனை கொடுத்தார். எழுதுபவர் தம் செய்தியை மற்றவர்கள் பரப்பலாமா கூடாதா என்று குறித்துவிட வேண்டும். பரப்பலாம் என்றால் எழுதியவரின் விவரம் செய்தியோடு போகும். கூடாது என்றதை மீறி ஒருவர் அனுப்பினால், அனுப்பியவரே எழுதியவராகக் கருதப்படுவார். மும்பை ஐ.ஐ.டி. பேராசிரியர் மனோஜ் பிரபாகரன் இதை மறுத்தார். தீய நோக்கம் உள்ளவர்கள் இதை எளிதில் ஏமாற்றித் தப்பிவிடுவார்கள், அப்பாவிகள் மாட்டிக்கொள்ள நேரும் என்பது அவர் வாதம். வழக்கு பிறகு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. இன்றும் நம் கையிலுள்ள வாட்ஸ்அப்பில் ஃபார்வர்டு செய்த செய்தி எழுதியவர் பெயரைக் காட்டுவதில்லை. டெலிகிராமில் ஃபார்வர்டு செய்தால் பெயர் தெரியும். ஆனால் அனுப்புகிறவர் அதை மறைக்கலாம், காப்பி எடுத்தால் அங்கேயும் போய்விடும்.

மதரஸாவில் ஓதியவர்களுக்கு இது எளிதில் புரியும். ஹதீஸில் அறிவிப்பாளர் தொடர் என்பது, இன்னார் இன்னாரிடம் கேட்டார் என்று ஒவ்வொரு பெயரையும் சொல்வது. ஒரு பெயர் விடுபட்டாலும் அறிஞர்கள் அதைக் குறையாகக் குறித்து வைப்பார்கள். ஃபார்வர்டு அம்பு ஒரு தொடர் இருந்தது என்று மட்டும் சொல்கிறது, ஒரு பெயரும் சொல்வதில்லை. காப்பியோ, தொடரே இல்லை என்று காட்டிவிடுகிறது.

இன்னொரு சங்கடமும் உண்டு. நாம் அனுப்பிய செய்தியில் பிழை கண்டு திருத்தினாலோ அழித்தாலோ, நாம் அனுப்பிய இடத்தில் மட்டுமே அது மாறும். பிறர் ஃபார்வர்டு செய்ததும் காப்பி எடுத்ததும் பழையபடியே ஓடிக்கொண்டிருக்கும்.

அந்தத் தாயின் அலைச்சலில் முதல் தவறு நம்முடையது. நம் செய்தியில் ‘15ஆம் தேதி’ என்று இருந்ததே தவிர ஆண்டு இல்லை. அதனால் இப்போது ஆண்டையும் கடைசித் தேதியையும் தனி வரியாக வைக்காமல், செய்தியின் நடு வாக்கியத்திலேயே சேர்த்து எழுதுகிறோம். காப்பி எடுப்பவர்கள் தலைப்பையும் கடைசி வரியையும் வெட்டிவிடுவது வழக்கம். நடு வாக்கியத்தை வெட்டினால் செய்தியே நிற்காது. அலுவலகத் தொலைபேசி எண்ணையும் அதே வாக்கியத்தில் சேர்க்கிறோம். அம்பு அழிந்தாலும் செய்தி தன் ஊரையும் ஆண்டையும் தானே சொல்லட்டும் என்பதுதான் எண்ணம்.

உங்களிடம் கேட்பது இரண்டு. காப்பி எடுத்துத்தான் அனுப்ப வேண்டும் என்றால், மேலே ஒரு வரி எழுதுங்கள்: “இது நான் எழுதியதல்ல, இன்னாரிடமிருந்து இன்ன தேதியில் வந்தது.” அலையவோ பணம் கட்டவோ பயப்படவோ வைக்கும் செய்தி உங்களுக்கு வந்தால், அனுப்பியவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் மரியாதையோடு ஒன்று கேளுங்கள்: “இது நீங்க எழுதினதுங்களா, வந்ததுங்களா?” ஹஜ்ரத்திடம் அந்தத் தாய் இதைக் கேட்டிருந்தால், மலேசியாவிலிருந்து வந்தது என்று உடனே தெரிந்திருக்கும், நம் அலுவலகத்துக்கு ஒரு போன் போதுமாயிருந்திருக்கும்.

அந்த மாணவிக்கு நிர்வாகக் குழுவில் பேசி, பாதித் தொகைதான் கொடுக்க முடிந்தது. மீதியை அவள் தாய் கடன் வாங்கிக் கட்டினார்கள்.

வஸ்ஸலாம்.
செயலாளர், பாபநாசம்