இந்த வாதத்தில் ஓட்டை எங்கே? – தர்க்க வகுப்புக்கு நாலு கேள்விகள்

நண்பர்களே, ஒரு பத்திரிகை வாதத்தை எடுத்து, அதில் உள்ள போலி வாதங்களைக் கண்டுபிடித்து, வகுப்பு முன்னால் பேச வேண்டும் என்று சொன்னால் நாம என்ன செய்கிறோம்? போலி வாதங்களின் பட்டியலை வைத்துக்கொண்டு வரிக்கு வரி பெயர் ஒட்டுகிறோம். அது போதாது. ஒரு உண்மையான வாதத்தை வைத்தே பார்ப்போம்.

1920 ஜனவரி 13. அமெரிக்காவின் 'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழ் தன் தலையங்கப் பக்கத்தில் ராபர்ட் கோடார்டு என்ற இயற்பியல் பேராசிரியரைக் கேலி செய்தது. ராக்கெட்டை நிலாவரைக்கும் அனுப்ப முடியும் என்று அவர் எழுதியிருந்தார். பத்திரிகை சொன்னதன் சாரம் இதுதான்: காற்றே இல்லாத இடத்தில் ராக்கெட் எதைத் தள்ளி முன்னால் போகும்? பள்ளிக்கூடத்தில் தினமும் சொல்லித்தரும் அறிவுகூட இந்தப் பேராசிரியருக்கு இல்லை போலிருக்கிறதே! இயக்க விதியை மறுக்கும் உரிமை ஐன்ஸ்டீனுக்கும் அவரைச் சேர்ந்த சிலருக்கும் மட்டும்தான் உண்டு.

இப்போ கேள்விகள்.

கேள்வி 1: கேலியை நீக்கினால் மிச்சம் இருக்கும் வாதம் என்ன?

மூணே வரிதான். ராக்கெட் நகர வேண்டுமானால் அதைச் சுற்றிக் காற்று இருக்கணும். விண்வெளியில் காற்று இல்லை. ஆகவே அங்கே ராக்கெட் நகராது. முதலில் இப்படி எழுதிக்கொண்டால்தான் மேலே பேச முடியும்.

கேள்வி 2: இந்த மூணு வரியில் போலி வாதம் இருக்கிறதா?

எல்லாரும் "இருக்கு" என்பார்கள். இல்லை! முதல் ரெண்டு வரியும் உண்மை என்றால் மூணாவது கட்டாயம் உண்மையாகும். வாதத்தின் அமைப்பு சரி. பிழை முதல் வரியில், அதாவது அது சொல்லும் செய்தியில் இருக்கிறது. பரிசலில் நின்றுகொண்டு ஒரு பெரிய கல்லைப் பின்பக்கமா வீசிப் பாருங்க. பரிசல் முன்னால் நகரும். கல் எதன் மேலும் போய் மோத வேண்டியதில்லை. நீங்க அதைத் தள்ளியதே போதும். ராக்கெட் தள்ளுவதும் காற்றை அல்ல, தான் வெளியேற்றும் வாயுவைத்தான். தவறான செய்தி வேறு, தவறான அமைப்பு வேறு. போலி வாதம் என்று பெயர் ஒட்டும்போது அதிகமாகக் குழம்புவது இங்கேதான்.

கேள்வி 3: "பள்ளி அறிவுகூட இல்லை" என்பது ஆளைத் தாக்கும் போலி வாதமா?

இதுக்கு ஒரு சோதனை உண்டு. "அவருக்கு ஒண்ணும் தெரியாது, அதனால் அவர் சொல்வது தப்பு" என்றால் போலி வாதம். "அவர் சொல்வது தப்பு, அதனால் அவருக்குத் தெரியவில்லை" என்றால் அது வெறும் ஏச்சு. பத்திரிகை எழுதிய வரிசை ரெண்டாவது. ஆனால் படிக்கிறவர் மனசில் அது முதல் வகையாகவே பதிகிறது. உங்கள் குழு எந்தப் பக்கம்? காரணத்தோடு சொல்லுங்க.

ஐன்ஸ்டீன் பற்றிய வரியில் அவ்வளவு சந்தேகம் வேண்டாம். யாருக்கு மறுக்க உரிமை என்பது கேள்வியே இல்லை; ஆதாரம் என்ன என்பதுதான் கேள்வி. ஆதாரம் இருக்க வேண்டிய இடத்தில் பெரிய பெயரை வைப்பது போலி வாதமே. அதோடு, கோடார்டு எந்த விதியையும் மறுக்கவில்லை. நியூட்டனின் மூன்றாம் விதியைத்தான் அவர் நம்பியிருந்தார்.

கேள்வி 4: அன்றைக்கே இந்தப் பிழையைக் கண்டுபிடித்திருக்க முடியுமா?

"பிறகுதான் நிலாவுக்குப் போயிட்டாங்களே, அதனால் தலையங்கம் தப்பு" என்று பதில் சொன்னால் மதிப்பெண் கிடையாது. 1920-இல் படித்தவருக்கு அது தெரியாதே. ஆனால் காற்றை உறிஞ்சி எடுத்த குழாய்க்குள் வெடிமருந்தை எரித்து, அங்கேயும் உந்துவிசை இருக்கிறது என்று கோடார்டு சோதித்திருந்தார். ஸ்மித்சோனியன் நிறுவனம் வெளியிட்ட அவருடைய கட்டுரையிலேயே அது இருந்தது. தலையங்கம் அந்தச் சோதனைக்குப் பதில் சொல்லவே இல்லை. ஆகவே ஒரு வாதத்தில் எழுதியிருப்பதை மட்டும் பார்க்காதீங்க, எதை விட்டுவிட்டார்கள் என்றும் பாருங்க.

1926 மார்ச் 16-ஆம் தேதி கோடார்டு உலகின் முதல் திரவ எரிபொருள் ராக்கெட்டை ஏவினார். 1945-இல் காலமானார். அப்போலோ 11 நிலாவுக்குக் கிளம்பிய மறுநாள், 1969 ஜூலை 17 அன்று, அந்தப் பத்திரிகை தன் பிழைக்கு வருத்தம் தெரிவித்தது. அதைப் படிக்க கோடார்டு உயிரோடு இல்லை.

அடுத்த வாரம் ஒவ்வொரு குழுவும் இந்த வாரத் தலையங்கம் ஒன்றை வெட்டி எடுத்து வாங்க. முதலில் அதை மூணு வரியாக எழுதுங்க. பெயர் ஒட்டுவதெல்லாம் அப்புறம்!