பொய் கண்டறியும் சோதனையும் நார்கோ சோதனையும்: செல்வி வழக்குத் தீர்ப்பும் கண்டெடுப்பு விதியும்

முன்னுரை

பரபரப்பான குற்ற வழக்குகளில் புலன்விசாரணை முன்னேறாது நிற்கும்போது, குற்றஞ்சாட்டப்பட்டவரைப் பொய் கண்டறியும் சோதனைக்கோ நார்கோ சோதனைக்கோ உட்படுத்த வேண்டும் என்ற கோரிக்கை எழுவது வழக்கம். இச்சோதனைகளைக் கட்டாயப்படுத்தி நடத்தக் கூடாது என இந்திய உச்ச நீதிமன்றம் 2010 மே 5 அன்று செல்வி எதிர் கர்நாடக மாநிலம் என்னும் வழக்கில் தீர்ப்பளித்தது. ஒருவர் தாமே இசைந்து உட்படும் சோதனையின் முடிவுகூடத் தன்னளவில் சாட்சியம் ஆகாது என்றும் கூறியது. எனினும், அத்தகைய சோதனையின் உதவியால் பின்னர்க் கண்டெடுக்கப்படும் பொருளையும் தகவலையும் ஏற்கலாம் என ஒரு வாயிலைத் திறந்து வைத்தது. அவ்வாயில் எவ்வளவு அகலமானது என்பதே இக்கட்டுரையின் வினா. அதற்கு முன், இச்சோதனைகள் உண்மையில் எதை அளக்கின்றன என்பதைக் காண வேண்டும்.

கருவி பதிவு செய்வது

பொய் கண்டறியும் கருவி பொய்யை நேரடியாக அறிவதில்லை. மார்பிலும் வயிற்றிலும் கட்டப்படும் பட்டைகள் மூச்சையும், கையில் சுற்றப்படும் பட்டை இரத்த அழுத்தத்தையும் நாடித்துடிப்பையும், விரல் நுனிகளில் பொருத்தப்படும் மின்முனைகள் வியர்வையால் தோலின் மின்கடத்தலில் நேரும் மாற்றத்தையும் பதிவு செய்கின்றன. குற்றத்தைப் பற்றிய வினாக்களுக்கு இடையில், பெரும்பாலோர் உண்மை கூறத் தயங்கும் பொதுவான வினாக்கள் சிலவும் கேட்கப்படும். குற்ற வினாவுக்கு எழும் உடற்கிளர்ச்சி ஒப்பீட்டு வினாவுக்கு எழுவதைவிட மிகுந்தால் அவர் பொய் சொல்கிறார் என்று முடிவு செய்யப்படும்.

இங்கேதான் தருக்கம் இடறுகிறது. கொலைப் பழியைச் சுமந்து காவலில் இருக்கும் நிரபராதிக்குக் கொலை பற்றிய வினாவே அச்சத்தைத் தருவது. அந்த அச்சத்தையும் குற்றவாளியின் அச்சத்தையும் வேறுபடுத்தும் தனிக்குறி எதுவும் உடலில் இல்லை. மறுபுறம், ஒப்பீட்டு வினாவின்போது நாவைக் கடித்தோ, மனத்துள் கடினமான கணக்கைப் போட்டோ கிளர்ச்சியைச் செயற்கையாக உயர்த்திக் கொள்பவர் தப்பிவிடலாம்.

சோதனை நூற்றுக்குத் தொண்ணூறு முறை சரியாக இருக்கும் என்றே ஒரு வாதத்துக்காக வைத்துக்கொள்வோம். ஐயத்துக்குரிய 50 பேரில் ஒருவரே குற்றவாளி எனில், எஞ்சிய 49 பேரில் ஏறத்தாழ ஐவர் பொய்யராகக் காட்டப்படுவர். குற்றவாளியும் பிடிபட்டால், குறியிடப்பட்ட ஆறு பேரில் ஐவர் நிரபராதிகள். ‘தொண்ணூறு விழுக்காடு துல்லியம்’ என்ற சொல் நீதிமன்றத்தில் ஒலிக்கும்போது இக்கணக்கு எவர் நினைவுக்கும் வருவதில்லை.

மருந்து செய்வது

நார்கோ சோதனையில் பெரும்பாலும் சோடியம் பென்டொதால் என்னும் மருந்து நரம்பு வழியாக மெல்ல மெல்லச் செலுத்தப்படுகிறது. அறுவைச் சிகிச்சைக்கு மயக்கம் தர உடல் எடையில் கிலோவுக்கு 3 முதல் 5 மில்லிகிராம் வரை விரைவாகச் செலுத்தப்படும் அதே மருந்துதான் இது. இங்கு முழு மயக்கத்துக்கும் விழிப்புக்கும் இடைப்பட்ட அரைத்துயில் நிலையில் ஒருவரை நிறுத்தி வைப்பதற்காக அதன் வேகம் கட்டுப்படுத்தப்படுகிறது. மூளையின் தடுப்பு வேதிப்பொருளான காபாவின் செயலை மருந்து மிகுவிப்பதால் தன்கட்டுப்பாடு தளர்ந்து பேச்சு பெருகுகிறது. பெருகுவது பேச்சு மட்டுமே. அதனுள் நினைவும் கற்பனையும் கனவும் கலந்திருக்கும். வினவுபவர் வினாவுக்குள் விடையை வைத்துக் கேட்டால் அதை அப்படியே திருப்பிச் சொல்லும் இசைவுத்தன்மையும் கூடிவிடும். உறுதியாக மறைக்க எண்ணுபவர் அந்நிலையிலும் மறைத்ததுண்டு. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் 1922-இல் இராபர்ட் ஹவுஸ் என்னும் மருத்துவர் ஸ்கோபோலமின் மருந்தைச் சிறைக் கைதிகள் இருவரிடம் சோதித்தது முதல் நிலவும் ‘உண்மை மருந்து’ என்ற பெயர், மருந்தின் இயல்புக்குப் பொருந்தாத பெயராகவே இருந்து வருகிறது.

செல்வி வழக்கின் தருக்கம்

இரத்தம், கைரேகை ஆகியவற்றைப் போலவே இதுவும் உடல்சார் சான்றுதான், வாக்குமூலம் அன்று என்பது அரசுத் தரப்பின் முதன்மை வாதம். காத்தி காலு ஓகாத் வழக்கில் 1961-இல் பதினொரு நீதிபதிகள் அமர்வு, கைரேகையும் கையெழுத்து மாதிரியும் தருவது தனக்கெதிராகத் தானே சாட்சியாவது ஆகாது என்று கூறியிருந்தது. அவ்வேறுபாட்டையே செல்வி வழக்கில் நீதிமன்றம் எதிர்த்திசையில் பயன்படுத்தியது. கைரேகை ஒப்பீட்டுக்குரிய பொருள். இச்சோதனைகளின் முடிவோ ஒருவரின் சொந்த அறிவை வெளிப்படுத்துவது. ஆகவே அது வாக்குமூல இயல்புடையது. கட்டாயத்தால் பெறப்பட்டால் அரசமைப்புச் சட்டத்தின் உறுப்பு 20(3) அதைத் தடுக்கும். மனத்துள் கட்டாயமாக நுழைவது உறுப்பு 21 காக்கும் தனிமனித உரிமைக்கும் எதிரானது.

இசைவுடன் நடக்கும் சோதனை ஏன் போதாது? சோதனையின்போது தரும் விடைகள்மீது உட்படுபவருக்கு நனவு நிலைக் கட்டுப்பாடு இல்லை என்பதே நீதிமன்றம் கூறிய காரணம். இசைவு ஊசி போடுவதற்கே தரப்படுகிறது. ஊசிக்குப் பின் வரும் ஒவ்வொரு சொல்லுக்கும் அது நீளாது.

கண்டெடுப்பு என்னும் வாயில்

இந்தியச் சாட்சியச் சட்டத்தின் பிரிவு 27, 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷிய அதிநியமத்தின் பிரிவு 23-இன் வரம்புரையாக உள்ளது. காவலில் உள்ளவர் தந்த தகவலால் ஓர் உண்மை கண்டறியப்பட்டால், அதனோடு தெளிவாகத் தொடர்புடைய பகுதியை மட்டும் மெய்ப்பிக்கலாம் என்பது விதி. புலுக்குரி கோட்டையா வழக்கில் 1946-இல் பிரிவி கவுன்சில் இதன் எல்லையை வகுத்தது.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்ளலாம். இசைவுடன் நார்கோ சோதனைக்கு உட்பட்ட ஒருவர், ‘அவனைக் குத்திய கத்தியை ஆலைக்குப் பின்னுள்ள கிணற்றில் போட்டேன்’ என்கிறார். கிணற்றில் கத்தி கிடைக்கிறது. ‘குத்திய’ என்ற சொல் கோட்டையா வழக்கின்படி விலக்கப்படும். எஞ்சுவது, கத்தி அங்கிருப்பதை அவர் அறிந்திருந்தார் என்பது. சாதாரண வழக்கில் இந்த அறிவுதான் கண்டெடுப்பின் உயிர். ஆனால் இங்கு அவ்வறிவைக் காட்டுவது நனவுக் கட்டுப்பாடு இல்லாத பேச்சு ஒன்றே. அப்பேச்சு தன்னளவில் சாட்சியம் ஆகாது என அதே தீர்ப்பு கூறுகிறது. பேச்சை அகற்றினால் கிணற்றுக் கத்திக்கும் அவருக்கும் உள்ள இணைப்பு அறுந்து விடுகிறது. சேர்த்தால் விலக்கப்பட்டது பின்வழியாக நுழைகிறது. இந்த முரணைத் தீர்ப்பு முழுமையாக அவிழ்க்கவில்லை என்றே கூற வேண்டும். எனவே கத்தியில் உள்ள இரத்தக்கறை, கைரேகை, அதை விற்றவரின் சாட்சியம் போன்ற தனித்த இணைப்புகளை நீதிமன்றம் தேடுவதே பாதுகாப்பானது.

இன்னொரு சோதனையும் உண்டு. கிணற்றைப் பற்றிக் காவல்துறை முன்பே அறிந்திருந்தால் அது கண்டெடுப்பே ஆகாது. ‘கிணற்றில்தானே போட்டாய்?’ என்று வினவுபவர் கேட்டிருந்தால் விடை அவருடையது, மயங்கியவருடையது அன்று. ஆகவே கைப்பற்று மகஜரை மட்டும் நம்பாமல், வினாக்களின் வரிசையைக் காட்டும் முழுப் பதிவையும் எதிர்த்தரப்பு கேட்டுப் பெறுவது இன்றியமையாதது. செல்வி தீர்ப்பு பின்பற்றச் சொன்ன தேசிய மனித உரிமை ஆணையத்தின் 2000-ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகள், நீதித்துறை நடுவர்முன் இசைவைப் பதிவு செய்தல், வழக்கறிஞரின் துணை, மருத்துவமனை போன்ற தனித்த அமைப்பால் பதிவு ஆகியவற்றைக் கோருகின்றன. நடுவர்முன் தரப்படுவது இசைவு மட்டுமே. சோதனையில் கூறுவது காவல்துறையிடம் கூறியதற்கு ஒப்பானது என்பதும் உட்படுபவருக்கு விளக்கப்பட வேண்டும்.

2025-ஆம் ஆண்டுத் தீர்ப்பு

இவ்வளவுக்குப் பிறகும், பிணை மனு ஒன்றை விசாரித்த பாட்னா உயர் நீதிமன்றம், குற்றஞ்சாட்டப்பட்ட அனைவரையும் நார்கோ சோதனைக்கு உட்படுத்துவதாகப் புலன்விசாரணை அதிகாரி கூறியதை ஏற்றுக்கொண்டது. உச்ச நீதிமன்றம் 2025 ஜூன் 9 அன்று அவ்வாணையை நீக்கியது (2025 ஐஎன்எஸ்சி 810). பிணை விசாரணை என்பது புலன்விசாரணைக் கருவிகளை அனுமதிக்கும் களம் அன்று எனவும், இசைவுடன் நடந்த சோதனையின் அறிக்கைகூடத் தண்டனைக்கு ஒரே அடிப்படையாக முடியாது எனவும் கூறியது. தாமே விரும்பிச் சோதனை கேட்கும் உரிமை குற்றஞ்சாட்டப்பட்டவருக்குத் தம் சாட்சியத்தை முன்வைக்கும் கட்டத்தில் உண்டு. ஆனால் அது மறுக்கவியலாத உரிமை அன்று. தம் நிரபராதித்தன்மையை நிறுவச் சோதனை கோருபவர் இதைக் கருத வேண்டும்: நனவுக் கட்டுப்பாடு இல்லாத சொல் அவருக்கு எதிராக நிற்காது எனில், அதே காரணத்தால் அவருக்கு ஆதரவாகவும் தனித்து நிற்காது.