கொழுந்தை எங்கே தேடுவது?

அகராதியில் 'கொழுந்து' தேடுகிறவர்களில் பலர் 'கெ' முடிந்ததுமே 'கொ' வந்துவிடும் என்று நினைத்துப் புரட்டுகிறார்கள். இரண்டிலும் முன்னால் நிற்கும் ஒற்றைக்கொம்புதான் இதற்குக் காரணம். ஆனால் அகராதி எழுத்தின் வடிவத்தைப் பார்ப்பதில்லை, அதிலுள்ள ஒலியைப் பார்க்கிறது. கொ என்பது க் என்ற மெய்யும் ஒ என்ற உயிரும் சேர்ந்தது. உயிர் வரிசையில் எ, ஏ, ஐ மூன்றும் முடிந்த பிறகே ஒ வருகிறது. ஆகவே கெண்டை, கேழ்வரகு, கைக்குட்டை எல்லாம் தாண்டித்தான் கொ தொடங்கும். எந்த உயிர்மெய்யில் தொடங்கும் சொல்லானாலும் முதலில் அதன் மெய்யையும் உயிரையும் மனதுக்குள் பிரித்துக்கொண்டால் பக்கம் தானாகக் கிடைக்கும்.

கொ மட்டுமே பல பக்கம் ஓடும். அங்கே வழிகாட்டுவது இரண்டாம் எழுத்து. பலர் தடுமாறுவது வரிசையின் கடைசிப் பகுதியில்தான்: ய, ர, ல, வ, ழ, ள, ற, ன. இதை ஒரே மூச்சில் சொல்லிப் பழகியிருந்தால் போதும். கொவ்வை முன்னால் போய்விடும், கொள்ளு பின்னால் நிற்கும், கொன்றை கடைசிக்குப் போகும். கொழுந்து கொவ்வைக்கும் கொள்ளுக்கும் நடுவில் இருக்கும்.

இனி புள்ளி. பெரும்பாலான அகராதிகளில் புள்ளி வைத்த மெய், அதே மெய்யின் உயிர்மெய்களுக்கு முன்னால் வரும். அதனால்தான் கொழுக்கட்டைக்குப் பிறகு கொழுகொம்பு வருகிறது. கொழுந்தன், கொழுந்தி, கொழுந்து மூன்றும் 'ந்' என்பதால் முன்னே நிற்க, 'ந' வரும் கொழுநன் அவற்றுக்குப் பின்னே வருகிறான். 'அகம்' இருக்கும் இடத்தில் 'அக்கா'வைக் காணவில்லை என்றால் சில பக்கம் முன்னால் போய்ப் பாருங்கள்.

ஜ, ஷ, ஸ, ஹ ஆகியவற்றில் தொடங்கும் சொற்களைச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் கடைசியில் வைத்திருக்கிறது. ஜன்னலை ச வரிசைக்குப் பக்கத்தில் தேடிப் பயனில்லை. ஆனால் 'சன்னல்' என்று எழுதினால் அது ச வரிசையில்தான்.

கணினியில் சொற்பட்டியலை அடுக்குகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். யூனிகோடில் ன என்ற எழுத்து ந-வுக்கு அடுத்த எண்ணில் இருக்கிறது. புள்ளியின் எண்ணோ எல்லா மெய்களுக்கும் பின்னால். தமிழ் அகர வரிசை அறியாத மென்பொருள் இந்த எண்களை மட்டும் நம்பினால் பம்பரத்துக்கு முன்னால் பனையையும், கம்புக்கு முன்னால் கமலத்தையும் கொண்டுவந்து வைக்கும். ஒரு பட்டியலைச் சோதிக்க இந்த இரண்டு இணைகளே போதும்: கம்பு, கமலம், பம்பரம், பனை. இதே வரிசையில் வந்தால் அடுக்கு சரி. மாறி வந்தால் மென்பொருளின் மொழி அமைப்பில் தமிழைத் தேர்ந்தெடுத்து மறுபடி அடுக்கிப் பார்க்க வேண்டும்.