இளவர் இட்ட கையெழுத்து

திருப்பூரில் தைக்கப்படும் பனியனின் கதை தையல் எந்திரத்தில் தொடங்குவதில்லை. கோவை, ஈரோடு, திண்டுக்கல் மாவட்டங்களிலும் திருப்பூரைச் சுற்றிலும் பரவியுள்ள நூற்பாலைகளில் பஞ்சு நூலாகிறது, அந்நூலே பின்னலாடையாகிறது. இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் இந்த நூற்பாலைகள் பலவற்றிற்கு ஆள் சேர்க்கும் தரகர்கள் தென்மாவட்டச் சிற்றூர்களுக்குச் சென்றனர். பெண் பிள்ளையை மூன்றாண்டுகள் ஆலை விடுதியில் தங்கவைத்து வேலைக்கு அனுப்பினால், முடிவில் திருமணச் செலவுக்கென ஒரு மொத்தத் தொகை கிடைக்கும் என்றனர். ‘சுமங்கலித் திட்டம்’ என்று பெயர் பெற்ற இம்முறையில் சேர்ந்தவர்களுள் பலர் பதினெட்டு வயது நிரம்பாதவர்கள். தந்தையோ தாயோ கையெழுத்திட, சில இடங்களில் சிறுமியும் கையெழுத்திட, ஒரு தாள் உருவானது. அந்தத் தாள் யாரைக் கட்டுப்படுத்தும்?

இதற்கு விடை காண 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்திற்குச் செல்லவேண்டும். உரிய வயதை அடைந்தவரே ஒப்பந்தம் செய்யத் தகுதியுடையவர் என்கிறது அதன் 11-ஆம் பிரிவு. அவ்வயது பதினெட்டு என்பதை 1875-ஆம் ஆண்டின் வயதுவரம்புச் சட்டம் கூறுகிறது. பதினெட்டு நிரம்பாதவரைச் சட்டத் தமிழில் ‘இளவர்’ என்பர். இளவர் செய்த ஒப்பந்தம் அவர் விரும்பினால் நிற்கும், விரும்பாவிட்டால் நீங்கும் என்று நெடுங்காலம் கருதியவர்கள் உண்டு. அக்கருத்துக்கு 1903-இல் பிரிவி கவுன்சில் முற்றுப்புள்ளி வைத்தது. கல்கத்தாவைச் சேர்ந்த தர்மதாஸ் கோஷ் என்னும் இளைஞர், வயது நிரம்பும் முன்னரே தம் வீட்டை 20,000 ரூபாய்க்கு அடைமானம் வைக்கும் பத்திரத்தை 1895-இல் எழுதிக் கொடுத்தார். அவர் இளவர் என்பது வட்டிக்காரரின் வழக்குரைஞருக்கு முன்னரே தெரிந்திருந்தது. அடைமானப் பத்திரம் தொடக்கத்திலிருந்தே செல்லாதது என்றும், கொடுத்த பணத்தைத் திருப்பித்தரும்படி இளவருக்கு ஆணையிட வேண்டியதில்லை என்றும் தீர்ப்பாயிற்று. மோகரி பீபி வழக்கு எனப்படும் அது, இன்றும் இப்பொருளின் அடித்தளமாக விளங்குகிறது.

இனி ஒரு கற்பனை நிகழ்வைக் கொண்டு சிந்திப்போம். பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி மூன்றாண்டு வேலைக்குச் சேர்கிறாள். முடிவில் 40,000 ரூபாய் தருவதாகத் தாளில் எழுதப்பட்டுள்ளது. அவளுடைய தந்தைக்குத் தரகர் 5,000 ரூபாய் முன்பணமாகக் கொடுத்திருக்கிறார். இரண்டாண்டுகள் முடிந்தபின் உடல்நலம் குன்றி ஊர் திரும்புகிறாள். மூன்றாண்டு முடியாததால் தொகை கிடையாது என்கிறது ஆலை; முன்பணத்தை அவளே உழைத்துக் கழிக்கவேண்டும் என்கிறார் தரகர்.

ஆலையின் பக்கம் முதலில் பார்ப்போம். மூன்றாண்டு இருந்தே ஆகவேண்டும் என்ற நிபந்தனை செல்லாது. ஆகவே இடையில் விலகியதற்காக அவளிடம் இழப்பீடு கேட்க ஆலைக்கு உரிமையில்லை. வயதைக் கூட்டிச் சொல்லிச் சேர்ந்திருந்தாலும் தான் இளவர் என்று சொல்லும் உரிமை அவளுக்கு உண்டு. முன்பணம் தந்தை வாங்கிய கடன். அதனை மகளின் உழைப்பால் கழிக்கச் செய்தல் கொத்தடிமை முறையாகும். 1976-ஆம் ஆண்டின் சட்டம் அதனைத் தடை செய்கிறது.

அவளால் 40,000 ரூபாயை ஒப்பந்தப்படி கேட்க முடியுமா? இங்குதான் இளவரைக் காக்கும் சட்டமே அவருக்கு எதிராகத் திரும்பக்கூடும். ராஜ் ராணி என்ற இளம் நடிகைக்காக அவருடைய தந்தை, திரைப்படத் தயாரிப்பாளர் பிரேம் அதீபுடன் ஒப்பந்தம் செய்திருந்தார். ஒப்பந்தம் மீறப்பட்டதாக நடிகை வழக்குத் தொடுத்தபோது, இளவர் தருவதாகச் சொன்ன உழைப்பே சட்டத்தின் கண்ணில் வாக்குறுதியாகாது என்பதால் எதிர்த்தரப்பின் வாக்குறுதிக்கும் ஈடு இல்லை என்று பம்பாய் உயர்நீதிமன்றம் கூறியது. 1949-ஆம் ஆண்டின் சட்ட அறிக்கைகளில் இடம்பெற்ற தீர்ப்பு இது. இளவருக்கு நன்மை தரும் பணி ஒப்பந்தம் செல்லும் என்ற ஆங்கிலேய நெறியை நம் நீதிமன்றம் ஏற்கவில்லை. என் பார்வையில் இது கடுமையான முடிவே. ஆயினும் அதனை அறியாமல் ஒப்பந்தத் தாளையே நம்பியிருத்தல் அதனினும் தீங்கு.

இதற்கு ஓர் எல்லையைச் சென்னை உயர்நீதிமன்றத்தின் முழு அமர்வு 1916-லேயே வகுத்துவிட்டது. இளவர் ஒருவர் பணத்தைக் கொடுத்துத் தம் கடமையை முடித்துவிட்டார். அதற்கு ஈடாக அவர் பெயருக்கு அடைமானம் எழுதப்பட்டது. எழுதிக் கொடுத்தவர் ‘நீ இளவர்’ என்று சொல்லித் தப்ப முடியாது என்று ராகவாச்சாரியார் வழக்கில் தீர்ப்பாயிற்று. இளவர் எதற்கும் உறுதியளிக்கக் கூடாது என்பதே சட்டத்தின் கருத்து. அவர் செய்து முடித்ததன் பயனைப் பெறக்கூடாது என்பதன்று. எனவே மூன்றாண்டும் உழைத்து முடித்த பெண், தன் கடமையில் எஞ்சியது ஏதுமில்லை என்று இத்தீர்ப்பைத் துணைக்கு அழைக்கலாம். இரண்டாண்டில் திரும்பியவளுக்கு இவ்வழி எளிதன்று.

அவளுக்கு வேறொரு வழி உண்டு; அது ஒப்பந்தத்தைச் சார்ந்ததன்று. செய்த வேலைக்குக் குறைந்தபட்ச ஊதியம் தரவேண்டும் என்பது சட்டம் ஆலையின்மேல் சுமத்திய கடமை. எடுத்துக்காட்டாக, குறைந்தபட்ச நாளூதியம் 300 ரூபாயாக இருக்க, அவள் கையில் 250 ரூபாய் தரப்பட்டதாகக் கொள்வோம். நாளுக்கு 50 ரூபாய் குறைகிறது. மாதம் 26 நாள், 24 மாதம் என்றால் 624 நாள்; குறைந்த தொகை 31,200 ரூபாய். பரிசுபோலச் சொல்லப்பட்ட 40,000 ரூபாயின் பெரும்பகுதி, அவளுடைய சொந்த ஊதியத்திலிருந்தே நிறுத்திவைக்கப்பட்டது என்பதை இக்கணக்கு காட்டுகிறது. ‘மூன்றாண்டு முடியவில்லை’ என்னும் விடை இக்கோரிக்கைக்குப் பொருந்தாது. தொழிலாளர் துறை அலுவலரிடம் இதனைக் கோரலாம். பிறப்புச் சான்றிதழ், ஊதியச் சீட்டு, வங்கிக் கணக்குப் புத்தகம், வருங்கால வைப்புநிதி எண் ஆகியன அவளுடைய வயதையும் வேலை செய்த நாள்களையும் மெய்ப்பிக்க உதவும். தாள் ஏதுமின்றி ரொக்கமாகவே ஊதியம் பெற்றவர்கள் அல்லற்படுவது இவ்விடத்தில்தான்.

‘அவள் தொழிலாளி அல்லள், பயிற்சியாளர்’ என்று ஆலை சொல்வதும் உண்டு. 1961-ஆம் ஆண்டின் தொழில்பழகுநர் சட்டம் இளவருக்காகக் காப்பாளர் ஒப்பந்தம் செய்ய இடமளிப்பது உண்மை. ஆனால் அவ்வொப்பந்தம் உரிய அலுவலரிடம் பதிவு செய்யப்படவேண்டும், பயிற்சியும் உதவித்தொகையும் முறைப்படி இருக்கவேண்டும். பதிவு எண் கேட்டவுடன் தயங்கும் இடத்தில் அந்தப் பெயர் வெறும் பெயர்தான்.

இன்னும் ஒரு நுட்பம். வேலையிலிருக்கும்போதே ஒரு பெண்ணுக்குப் பதினெட்டு நிரம்பலாம். அன்று பழைய தாளில் மீண்டும் கையெழுத்திடச் சொல்வர். தொடக்கத்திலேயே செல்லாத ஒப்பந்தத்தைப் பின்னர் ஒப்புக்கொள்வதால் உயிர் கொடுக்க முடியாது. புதிய வேலைக்கு, புதிய ஊதியத்திற்கு, அன்றைய தேதியில் எழுதப்படும் புதிய ஒப்பந்தமே அவளைக் கட்டுப்படுத்தும். அந்நாள் முதல் அவள் இளவர் அல்லள். எழுதப்பட்டிருப்பதை முழுமையாகப் படித்தபின் கையெழுத்திடுவதும் மறுப்பதும் அவளுடைய உரிமை.