பிழைதிருத்துநர் வக்கீலுக்கு எழுதும் கடிதம்

2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு காசோலை வழக்கில் தீர்ப்புச் சொன்னது. காவேரி பிளாஸ்டிக்ஸ் என்ற நிறுவனம் கொண்டுவந்த வழக்கு அது. பணமில்லாமல் திரும்பிய காசோலை 1 கோடி ரூபாய்க்கு எழுதப்பட்டிருந்தது. பணத்தைக் கேட்டு அனுப்பிய வக்கீல் நோட்டீஸிலோ 2 கோடி ரூபாய் என்று இருந்தது. தட்டச்சில் நேர்ந்த பிழை என்று நிறுவனம் சொல்லிப் பார்த்தது. நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. காசோலையில் உள்ள தொகையைத்தான் நோட்டீஸ் கேட்க வேண்டும், தொகை மாறினால் அந்த நோட்டீஸ் செல்லாது, தட்டச்சுப் பிழை என்பதைக் காரணமாகச் சொல்ல முடியாது என்று முடித்துவிட்டது.

இந்தத் தீர்ப்பைப் படிக்கும் எந்தப் பிழைதிருத்துநருக்கும் ஒரு கேள்வி எழும். இப்படி ஒரு நோட்டீஸ் அனுப்பப்படும் முன் அதைப் படித்தவர் நானாக இருந்திருந்தால், பழி யார் மேல் விழுந்திருக்கும்? தட்டச்சுப் பிழையைப் பிடிப்பதற்குத்தானே என்னைக் கூப்பிட்டார்கள்?

இப்போது இரண்டு மூன்று வக்கீல்கள் சேர்ந்து நடத்தும் சிறிய அலுவலகங்கள், வெளியில் இருந்து வேலை செய்யும் பிழைதிருத்துநரிடம் நோட்டீஸ், பத்திரம், பிராது, எதிர்வழக்குரை போன்றவற்றைப் படிக்கக் கொடுக்கின்றன. பெரும்பாலும் வாய்ப்பேச்சிலேயே வேலை தொடங்கிவிடுகிறது. “கொஞ்சம் பார்த்துக் கொடுங்க” என்பதுதான் மொத்த ஒப்பந்தமும். அந்தக் ‘கொஞ்சம்’ எதுவரைக்கும் என்பது தகராறு வந்த பிறகுதான் பேசப்படும். அதை முன்கூட்டியே எழுத்தில் வைப்பதுதான் பணி ஏற்புக் கடிதம். பிழைதிருத்துநர் அலுவலகத்துக்கு எழுதி, அலுவலகம் ஒப்புக்கொண்ட பிறகு முதல் கோப்பைத் திறக்க வேண்டும். அதன் நடு வாக்கியம் ஒன்றே: ‘என் பணி மொழியைத் திருத்துவது மட்டும்.’

ஆனால் இந்த வாக்கியத்தை இப்படியே எழுதி நிறுத்தினால் கடிதம் ஒன்றுக்கும் உதவாது. சட்ட ஆவணத்தில் மொழி எங்கே முடிகிறது, சட்டம் எங்கே தொடங்குகிறது என்பதை வெறும் ‘மட்டும்’ என்ற சொல்லால் பிரித்துவிட முடியாது. எடுத்துக்காட்டாக ஒரு காசோலை நோட்டீஸின் வரைவையே வைத்துக்கொள்வோம். இரண்டு பக்கம். முதல் பக்கத்தில் ‘எனது கட்சிக்காரர்’, இரண்டாம் பக்கத்தில் ‘எமது கட்சிக்காரர்’. தொகை எண்ணில் ரூ. 4,50,000, எழுத்தில் ‘ரூபாய் நான்கு லட்சத்து ஐந்தாயிரம்’. காசோலைத் தேதி ஓரிடத்தில் 12.03.2025, வேறோரிடத்தில் 12.05.2025. கடைசிப் பத்தியில், ‘இந்த நோட்டீஸ் கிடைத்த 7 நாட்களுக்குள் பணத்தைச் செலுத்த வேண்டும்.’

கட்சிக்காரர் விஷயம் சுத்தமாக மொழி. இரண்டையும் ஒன்றாக்கிவிட்டுப் போகலாம். தொகையும் தேதியும் அப்படி அல்ல. இரண்டு இடங்கள் ஒத்துப்போகவில்லை என்று கண்டுபிடிப்பது பிழைதிருத்துநரின் வேலை. எது சரி என்று சொல்வது அவர் வேலை அல்ல. காசோலை அவர் கையில் இல்லை. எண்ணில் உள்ளதுதான் சரியாக இருக்கும் என்று ஊகித்து எழுத்தை மாற்றினால், பார்வைக்குத் தெரிந்துகொண்டிருந்த ஒரு முரண் மறைந்து, நோட்டீஸ் பார்க்க ஒழுங்காக இருக்கும். ஊகம் தவறாக இருந்தால் அதை இனி யாரும் பிடிக்க முடியாது. ஆகவே அந்த இடத்தில் திருத்தம் போடாமல், ஓரத்தில் கேள்வி போட வேண்டும்: ‘எண்ணும் எழுத்தும் மாறுபடுகின்றன. காசோலையைப் பார்த்து முடிவு செய்யவும்.’

இன்னொரு நிலையையும் எண்ணிப் பாருங்கள். தொகை எல்லா இடங்களிலும் ஒன்றுபோல் தவறாக இருந்தால்? எழுத்தும் எண்ணும் இரண்டு கோடி என்றே சொன்னால், நோட்டீஸை மட்டும் வைத்துப் படிப்பவருக்கு அதில் பிழையே தெரியாது. எத்தனை முறை படித்தாலும் தெரியாது. அதனால் கடிதத்தில் இருக்க வேண்டிய மிக முக்கியமான வரி என்று நான் கருதுவது இதுதான்:

‘பெயர், எண், தேதி, தொகை ஆகியவை ஆவணத்துக்குள் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று பார்ப்பேன். அவற்றைக் காசோலை, மூலப் பத்திரம், அடையாள அட்டை முதலிய மூலங்களோடு ஒப்பிடுவது இந்தப் பணியில் அடங்காது.’

ஒப்பிட்டுப் பார்ப்பதும் வேண்டும் என்று அலுவலகம் கேட்டால், அது தனி வேலை. மூலங்களின் நகல் வேண்டும், கூடுதல் நேரம் வேண்டும், கட்டணமும் வேறு. அதையும் அதே கடிதத்தில் ஒரு வரியில் சொல்லி வைத்துவிடலாம்.

கடைசிப் பத்தியின் 7 நாட்களுக்கு வருவோம். மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆவது பிரிவு, நோட்டீஸ் கிடைத்ததில் இருந்து 15 நாள் அவகாசம் தருகிறது. வக்கீல் அலுவலகங்களோடு பழகிய பிழைதிருத்துநருக்கு இது தெரிந்திருக்கும். அந்த வாக்கியத்தில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை. அப்படியானால் கண்டும் காணாமல் போவதா? போகக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. ‘7 நாள் என்பது சரிதானா?’ என்று கேட்பதற்கு ஒரு நிமிடம் போதும். ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்டதாலேயே அடுத்த நோட்டீஸிலும் சட்டக் கெடுவை அவரே பார்த்துக்கொள்வார் என்று அலுவலகம் நம்பிவிடக் கூடாது. அதற்கும் கடிதத்தில் இடம் வேண்டும்: ‘சட்டம் தொடர்பாக ஐயம் தோன்றினால் குறிப்பிடுவேன். நான் குறிப்பிடாத இடங்கள் சட்டப்படி சரியானவை என்று அதற்குப் பொருள் இல்லை.’ நல்ல மனதோடு செய்யும் உதவி கடமையாக மாறிவிடாமல் இந்த இரண்டு வாக்கியங்கள் காக்கின்றன.

எண்களைவிட நுட்பமான சிக்கல் வாக்கிய அமைப்பில் இருக்கிறது. தமிழில் எழுதிய பாகப்பிரிவினைப் பத்திரம் ஒன்றில் இப்படி ஒரு வரி வருவதாகக் கொள்வோம்: ‘இரண்டாம் நபருக்கு கிணறு, மோட்டார், கொட்டகையில் பாதி.’ கிணறும் மோட்டாரும் முழுதாக அவருக்கு, கொட்டகையில் மட்டும் பாதியா? அல்லது மூன்றிலும் பாதியா? தமிழில் பட்டியலின் கடைசிச் சொல்லில் வேற்றுமை உருபைச் சேர்த்தால், அது முன்னால் உள்ள சொற்களையும் தழுவலாம், தழுவாமலும் இருக்கலாம். தெளிவாக எழுதத் தெரிந்தவர் இந்த வரியை ‘ஆகியவற்றில் பாதி’ என்று மாற்றுவார். அல்லது ‘கிணறும் மோட்டாரும் முழுவதும், கொட்டகையில் பாதியும்’ என்று மாற்றுவார். இரண்டுமே நல்ல தமிழ். முதலாவது அண்ணனுக்குப் பாதிக் கிணற்றைத் தருகிறது, இரண்டாவது தம்பிக்கே முழுக் கிணற்றையும் தருகிறது. நடை திருத்தம் என்ற பெயரில் ஒரு குடும்பத்தின் தண்ணீரைப் பங்கு போட்டதாகிவிடும். எனவே இரண்டு பொருள்களையும் ஓரத்தில் எழுதி, எது நோக்கம் என்று கேட்டு நிறுத்திக்கொள்ள வேண்டும். கடிதம் இதை விதியாகவே சொல்லலாம்: ‘ஒரு வாக்கியத்துக்கு இரண்டு பொருள் வரும்போது நான் தேர்ந்தெடுக்க மாட்டேன், கேட்பேன். இறுதி முடிவு வழக்கறிஞருடையது.’

மொழியிலேயே கை வைக்கக் கூடாத இடங்களும் உண்டு. லட்சுமி, இலட்சுமி, லக்ஷ்மி என்று ஒரே ஆவணத்தில் மூன்று விதமாக வந்தால் கேள்வி போடலாமே தவிர, தனக்குப் பிடித்த வடிவத்துக்கு மாற்றக் கூடாது. ஆதாரிலும் பட்டாவிலும் உள்ள எழுத்துத்தான் அங்கே செல்லும். எதிர்த்தரப்பு எழுதிய கடிதத்தை மேற்கோள் காட்டியிருந்தால், அதிலுள்ள பிழை அப்படியே இருக்க வேண்டும். அது சாட்சியம். ‘மேற்படி சொத்தை சர்வ சுதந்திர பாத்தியங்களுடன்’ போன்ற பத்திர நடையைப் பழசு என்று நல்ல தமிழுக்கு மாற்றும் ஆசையும் வேண்டாம். பதிவு அலுவலகத்திலும் நீதிமன்றத்திலும் பல தலைமுறையாகப் பொருள் நிலைபெற்ற சொற்கள் அவை. புதுச் சொல் போட்டால், பொருளும் மாறியதா என்ற கேள்வி கூடவே வரும்.

இரகசியம் பற்றி ஒரு பத்தி கட்டாயம். வக்கீலுக்கும் கட்சிக்காரருக்கும் இடையே நடக்கும் பேச்சை வெளியிடக் கூடாது என்பது 2023ஆம் ஆண்டின் பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தில் 132ஆவது பிரிவாக இருக்கிறது. மொழிபெயர்ப்பாளர், எழுத்தர், வக்கீலின் ஊழியர் ஆகியோருக்கும் அது பொருந்தும். வெளியில் இருந்து வேலை செய்யும் பிழைதிருத்துநரின் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை. சட்டம் தானாகவே காக்கும் என்று நம்பி இருக்காமல், கோப்பை யாருக்கும் காட்டுவதில்லை, வேலை முடிந்ததும் அழித்துவிடுவது, கட்சிக்காரருடன் நேரடியாகப் பேசுவதில்லை என்பதை எழுத்தில் தர வேண்டும். கடைசியாகச் சொன்னது வேறொரு வகையிலும் தேவை. வழக்கறிஞர்கள் சட்டம், 1961 வழக்கறிஞர் தொழிலைப் பதிவு பெற்ற வழக்கறிஞர்களுக்கு மட்டுமே விட்டிருக்கிறது. கட்சிக்காரர் நேரே தொலைபேசியில் அழைத்து “இந்த வரி எனக்குச் சாதகமா?” என்று கேட்டால், பதில் சொல்லும் இடத்தில் பிழைதிருத்துநர் இல்லை.

இனி பணப் பொறுப்பு. சில நூறு ரூபாய் வாங்கிப் படித்த நோட்டீஸால் பல லட்சம் போய்விட்டது என்று யாராவது சொன்னால் என்ன செய்வது? பொறுப்பு அந்தக் கோப்புக்குப் பெற்ற கட்டணத்தைத் தாண்டாது என்று கடிதத்தில் எழுதி வைக்கலாம். இது நியாயமாக இருக்க வேண்டுமானால் மறுபக்கமும் எழுத வேண்டும். மொழிப் பிழையைத் தவறவிட்டால் அதற்கு முழுப் பொறுப்பு பிழைதிருத்துநருடையது, கட்டணமின்றித் திரும்பச் செய்து தருவார். தன் வேலைக்குக்கூடப் பொறுப்பு ஏற்காத கடிதத்தை எந்த வக்கீலும் மதிக்க மாட்டார்.

இவ்வளவு எழுதிய கடிதத்தையும் கெடுக்க ஒரு வழி இருக்கிறது. சட்டப்பிரிவு எண்ணை ஒரு நாள் பிழைதிருத்துநர் தானே மாற்றிவிடுகிறார். அலுவலகம் நன்றி சொல்கிறது. அடுத்த மாதமும் அப்படியே நடக்கிறது. பிறகு அந்த எண்களை அலுவலகத்தில் யாரும் சரிபார்ப்பதே இல்லை. அப்போது கடிதம் ஒன்று சொல்கிறது, நடைமுறை வேறொன்று சொல்கிறது. தகராறு வந்தால் நடைமுறையைக் காட்டித்தான் அலுவலகம் வாதாடும். இதைத் தவிர்க்க, எந்த மாற்றமும் தடம் தெரியும்படி மட்டுமே செய்யப்பட வேண்டும். வேர்டு கோப்பில் மாற்றங்களைப் பதிவுசெய்யும் வசதியை இயக்கிவிட்டு வேலை பார்த்தால், எது திருத்தம், எது கேள்வி என்பது வக்கீலின் கண்ணுக்குத் தனித்தனியே தெரியும். ஒவ்வொன்றையும் ஏற்பதும் தள்ளுவதும் அவர் கையில் இருக்கும்.

கடிதத்துக்கு ஒன்றரைப் பக்கம் போதும். அதை மின்னஞ்சலில் அனுப்பி, ‘ஒப்புக்கொள்கிறோம்’ என்று அலுவலகத்தில் பொறுப்புள்ள வக்கீல் ஒருவரிடமிருந்து பதில் வாங்கிக்கொள்ளலாம். மின்வழியில் உருவாகும் ஒப்பந்தம் மின்வழியில் உருவானது என்பதாலேயே செல்லாமல் போகாது என்று தகவல் தொழில்நுட்பச் சட்டம் சொல்கிறது. பிறகு ஒவ்வொரு கோப்பையும் திருப்பி அனுப்பும்போது, கூடவே இரண்டு வரி எழுதி அனுப்பலாம்: ‘மொழி மட்டும் பார்க்கப்பட்டது. 3 கேள்விகள் நிலுவையில் உள்ளன. பக்கம் 1, 2, 2.’ அந்த மூன்றுக்கும் பதில் வராமல் நோட்டீஸ் தபாலுக்குப் போகக் கூடாது என்று அலுவலகமும் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டால், 4,50,000 என்று இருக்க வேண்டிய இடத்தில் 4,05,000 என்று போவது அங்கேயே பிடிபட்டுவிடும்.